ஊர் மாறிவிட்டீர்களா? முன்பு நேர்காணல் செய்த எச்.ஆருக்கு இப்படிச் சொல்லுங்கள்

சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு ரவுண்டு இன்டர்வியூ முடித்திருக்கிறீர்கள். பேனலில் இருந்தவர்கள் நன்றாகவே பேசினார்கள். ஆனால் அந்தப் பணியிடத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள், அல்லது வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள், அல்லது உங்களுக்கே சம்பளம் ஒத்துவரவில்லை. சில மாதங்களில் குடும்பச் சூழ்நிலையால் கோவைக்குக் குடிபெயர்ந்துவிட்டீர்கள். அந்தக் கம்பெனிக்குக் கோவையிலும் அலுவலகம் இருக்கிறது. முன்பு பேசிய எச்.ஆருக்கு இதைச் சொல்லி வைத்தால் நல்லது என்று தோன்றுகிறது, ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வேலை தேடுவதற்குப் புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தயங்கி விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே உங்களை நேரில் பார்த்து, கேள்வி கேட்டு, குறிப்பும் எழுதி வைத்திருக்கிற கம்பெனியை அப்படி விட்டுவிடக் கூடாது.

ஐ.டி. வேலையை உதாரணமாக வைத்து, சென்னையிலிருந்து கோவைக்குப் போனவரின் கோணத்தில் எழுதுகிறேன். கணக்குத் துறை, உற்பத்தித் துறை என்றாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

எச்.ஆர். பக்கம் என்ன நடக்கிறது

கம்பெனிக்குள் ஒவ்வொரு காலியிடத்தையும் தனி எண் கொடுத்துத் திறக்கிறார்கள். அந்த எண்ணோடு பதவி, எத்தனை வருட அனுபவம், எந்த ஊர் என்பதும் பதிவாகிறது. நீங்கள் முன்பு கலந்துகொண்டது 'சென்னை' என்று பதிவான இடத்துக்கு. அதற்கு ஆள் எடுத்த எச்.ஆரின் கணினியில் உங்கள் பெயருக்கு எதிரே இன்றைக்கும் சென்னை என்றுதான் இருக்கும். கோவைக்கு ஒரு இடம் திறந்தால், அதைப் பார்க்கிறவர் முதலில் ஊரை வைத்துத்தான் வடிகட்டுவார். அந்த வடிகட்டலில் உங்கள் பெயர் மேலே வரவே வராது. உங்கள் திறமையைப் பற்றிய குறிப்பு அவர்களிடமே இருந்தும், ஊர் பழையதாக இருப்பதால் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் சென்னைக்கு ஆள் எடுப்பவரும் கோவைக்கு ஆள் எடுப்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். உங்களுக்குத் தெரிந்தவர் சென்னைக்காரர். அவர் நினைத்தாலும் உங்களுக்குக் கோவை வேலையைக் கொடுக்க முடியாது. அவரால் முடிந்தது இரண்டு காரியம்: பதிவில் உங்கள் ஊரை மாற்றுவது, உங்கள் மெயிலை அந்தப் பக்கத்து எச்.ஆருக்குத் தள்ளிவிடுவது. ஆகவே நீங்கள் எழுதும் மெயில், அவர் ஒரு எழுத்துகூடச் சேர்க்காமல் அப்படியே ஃபார்வர்டு செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

எழுதுவதற்கு முன்

முதலில் கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஊரைக் கோவை என்று மாற்றித் தேடிப் பாருங்கள். உங்கள் துறையில் அங்கே இடம் திறந்திருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெயிலில் அந்த எண் இருந்தால் எச்.ஆருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. திறந்திருக்கவில்லை என்றாலும் அங்கே என்ன மாதிரி ஆட்களை எடுத்திருக்கிறார்கள் என்று லிங்க்ட்இனில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கோவைக் கிளையில் சப்போர்ட் வேலை மட்டும்தான் நடக்கிறது, நீங்கள் செய்வது டெவலப்மென்ட் என்றால், எழுதும்போதே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஊர் விவரத்தை எல்லா இடத்திலும் ஒன்றாக்குங்கள். ரெஸ்யூமேயின் தலைப்பில் கோவை என்று இருக்கட்டும். கதவு எண்ணும் தெருப் பெயரும் வேண்டாம், ஊர் போதும். நௌக்ரியில் `Current location` கோவை என்று மாற்றுங்கள், விருப்பமான ஊர்களிலும் அதையே முதலில் வையுங்கள். லிங்க்ட்இனிலும் ஊரை மாற்றுங்கள். இப்போது வேலையில் இருப்பவர் என்றால் அங்கே `Open to work` பகுதியில் `Recruiters only` என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வராது. உங்கள் சொந்தக் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமல் இருக்க லிங்க்ட்இன் முயற்சி செய்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் கொடுப்பதில்லை. மெயிலில் கோவை, நௌக்ரியில் சென்னை என்று இருந்தால், இவர் ஊர் மாறினாரா, மாறுவதாக உத்தேசமா, அந்தக் கிளையில் போட்டி குறைவு என்பதால் சும்மா சொல்கிறாரா என்று எச்.ஆருக்குச் சந்தேகம் வரும். சந்தேகத்தைத் தீர்க்க அவர் போன் செய்யமாட்டார். அடுத்த ரெஸ்யூமேவுக்குப் போய்விடுவார்.

யாருக்கு எழுதுவது என்பது மூன்றாவது. உங்களுக்கு இன்டர்வியூ அழைப்பு அனுப்பிய எச்.ஆர்.தான் சரியான ஆள். டெக்னிக்கல் ரவுண்டில் பேசிய மேனேஜருக்கு நேராக எழுதுவது, அவரே தன் மெயில் முகவரியைக் கொடுத்துத் தொடர்பில் இருக்கச் சொல்லியிருந்தால் மட்டும் சரி. அவர் முகவரியை யூகித்து அனுப்பாதீர்கள். எச்.ஆர். வேலை மாறிப் போயிருந்தால் மெயில் திரும்பி வரும். அப்போது அதே பழைய மெயிலில் நகல் பெற்றிருந்த வேறு எச்.ஆர். யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் இருப்பார்கள்.

கன்சல்டன்சி மூலம் போனவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். உங்கள் ரெஸ்யூமேயை ஒரு கன்சல்டன்சி அனுப்பியிருந்தால், குறிப்பிட்ட காலம்வரை நீங்கள் அவர்கள் அனுப்பிய ஆள் என்றே கம்பெனியின் கணக்கில் இருப்பீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று அது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அந்தக் காலத்துக்குள் நீங்கள் தனியாக எழுதினால், கமிஷன் யாருக்கு என்ற சிக்கலில் மாட்டவேண்டாம் என்று எச்.ஆர். உங்களைத் தொடாமலே விட்டுவிடலாம். கன்சல்டன்சிக்கு முதலில் சொல்லி, அவர்கள் மூலமாகவே ஊர் மாற்றத்தைத் தெரிவிக்கச் செய்வது நல்லது. அதேபோல, நண்பர் ஒருவர் அந்தக் கம்பெனியில் இருக்கிறார், ரெஃபரல் போடச் சொல்லலாம் என்றால், அதை எச்.ஆருக்கு மெயில் போடுவதற்கு முன்பே யோசியுங்கள். உங்கள் பெயர் ஏற்கெனவே அவர்கள் பதிவில் இருப்பதால் ரெஃபரல் ஏற்கப்படாமல் போகலாம். நண்பரிடம், "பழைய கேண்டிடேட்டுக்கு ரெஃபரல் எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எப்போது

வீடு பார்த்து, சாமான் இறக்கிய பிறகு எழுதுவது சிறந்தது. போவதாக முடிவு, தேதி தெரியவில்லை என்ற நிலையில் எழுதினால் அந்த மெயிலை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. தேதி உறுதியாகிவிட்டது, இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் என்றால் தேதியைப் போட்டு எழுதலாம்.

இன்டர்வியூவில் தேறாதவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. பல கம்பெனிகள், ஒருமுறை நிராகரித்தவரை ஆறு மாதம் போன்ற ஒரு காலத்துக்கு மறுபடி எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் காலம் முடியாமல் இருந்தாலும் ஊர் மாற்றத்தைச் சொல்லலாம். ஆனால் இப்போதே பரிசீலிக்கச் சொல்லிக் கேட்காமல், காலம் முடியும் மாதத்தைக் குறிப்பிட்டு அதன்பிறகு கருதும்படி கேளுங்கள். விதி தெரிந்தவர் என்று அதிலேயே புரிந்துகொள்வார்கள்.

மெயில்

இப்போது ஒரு நேர்வை முழுதாகப் பார்ப்போம். ஐந்து வருட அனுபவமுள்ள ஒரு டெஸ்டிங் இன்ஜினியர். மார்ச்சில் சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் இரண்டு ரவுண்டு முடித்தார். ஏப்ரலில் அந்த இடத்தை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஜூனில் குடும்பத்தோடு கோவைக்கு வந்துவிட்டார். இப்போதிருக்கும் கம்பெனி வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்திருக்கிறது, ஆனால் அது எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

அவர் புதிய மெயில் தொடங்கக் கூடாது. மார்ச்சில் வந்த இன்டர்வியூ அழைப்பைத் தேடி எடுத்து, அதற்கே பதிலாக எழுத வேண்டும். எச்.ஆர். மாதம் நூற்றுக்கணக்கான பெயர்களைப் பார்க்கிறவர். உங்கள் பெயர் நினைவிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பழைய அழைப்பு கீழே தொங்கிக்கொண்டிருந்தால், எந்தப் பதவி, எந்தத் தேதி, யார் பேனல் என்பது எல்லாம் தானாக வந்துவிடும். பொருள் வரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அலுவலக மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். என்ன எழுத வேண்டும் என்பது தெளிவாகத் தெரிய இங்கே தமிழில் தருகிறேன்.

> பொருள்: கோவைக்குக் குடிபெயர்ந்துள்ளேன் – ஆட்டோமேஷன் டெஸ்டிங், 5 வருட அனுபவம் – மார்ச் நேர்காணல் தொடர்பாக
>
> வணக்கம் மேடம்,
>
> மார்ச் மாதம் உங்கள் சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் சீனியர் டெஸ்ட் இன்ஜினியர் பணிக்கு இரண்டு சுற்றுகள் கலந்துகொண்டேன். அந்தப் பணியிடம் நிறுத்தி வைக்கப்பட்டதாக ஏப்ரலில் தெரிவித்திருந்தீர்கள்.
>
> ஜூன் முதல் வாரத்தில் குடும்பத்துடன் கோவைக்கு வந்துவிட்டேன். இனி இங்கேயேதான் இருக்கப்போகிறேன்.
>
> உங்கள் கோவை அலுவலகத்தில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் அல்லது ஏ.பி.ஐ. டெஸ்டிங் பணியிடம் வந்தால் என்னையும் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் அலுவலகம் வந்து வேலை செய்ய முடியும். நோட்டீஸ் காலம் 60 நாட்கள். நேரடிச் சுற்றுக்குச் சென்னை வரவேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும்.
>
> கோவைக்கு ஆள் எடுப்பவர் வேறொருவர் என்றால், இந்த மெயிலை அவருக்கு அனுப்பிவைக்க முடியுமா?
>
> திருத்திய ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன். போன் நம்பர் பழையதுதான்.
>
> நன்றி.

'இனி இங்கேயேதான் இருக்கப்போகிறேன்' என்ற வரிதான் இந்த மெயிலின் உயிர் என்பேன். ஊர் மாறி வந்த ஒருவரைப் பற்றி எச்.ஆருக்கு இருக்கும் பெரிய பயம், வேலையில் சேர்ந்து ஆறு மாதத்தில் சென்னைக்கே டிரான்ஸ்ஃபர் கேட்பாரோ என்பது. அதற்கு ஒரு வரி போதும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மாமனார் வீடு பீளமேட்டில், குழந்தைக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று விளக்க வேண்டியதில்லை. மெயில் இன்னும் இரண்டு பேருக்குப் போகப்போகிறது என்பதை நினைவில் வையுங்கள். முன்பின் தெரியாதவர் படிக்க வேண்டாத குடும்ப விஷயம் அதில் இருக்கக் கூடாது.

'எந்த வேலையாக இருந்தாலும் சரி' என்று எழுதத் தோன்றும். புது ஊரில் வாய்ப்பு குறைவோ என்ற பயத்தில் வருவது அது. எழுதாதீர்கள். எந்த எண்ணோடும் பொருத்த முடியாத ரெஸ்யூமேயை எச்.ஆரால் எங்கும் சேர்க்க முடியாது. இரண்டு வகைப் பணியைச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மார்ச்சில் நீங்கள் கலந்துகொண்ட பணி அதில் ஒன்றாக இருக்கட்டும், ஏனென்றால் உங்களைப் பற்றிய பேனல் குறிப்பு அந்தப் பணிக்குத்தான் இருக்கிறது.

தினமும் அலுவலகம் வர முடியும் என்பதையும் விடாதீர்கள், அது உண்மையாக இருந்தால். ஊர் மாறினேன் என்று எழுதுகிறவர்களில் பலர் உள்ளூர எதிர்பார்ப்பது, சென்னை வேலையையே கோவையிலிருந்து செய்வதை. எச்.ஆரும் அப்படித்தான் புரிந்துகொள்வார். கம்பெனிக்குக் கோவையில் கிளையே இல்லாமல், நீங்கள் கேட்பதும் வீட்டிலிருந்து செய்யும் வேலைதான் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாதத்துக்கு எத்தனை நாள் சென்னை வந்து போக முடியும் என்பதையும் சேருங்கள்.

சம்பளம் இந்த மெயிலில் வரக் கூடாது. கோவை என்பதால் குறைத்துக்கொள்கிறேன் என்று நீங்களாகவே சொல்வது மிகவும் தவறு. சில கம்பெனிகள் ஊருக்கு ஊர் சம்பளத்தை மாற்றுகின்றன, சில மாற்றுவதில்லை. அவர்கள் கேட்கும்வரை பேச்சை எடுக்க வேண்டாம்.

அலுவலக மெயிலிலிருந்து இதை அனுப்பாதீர்கள் என்பதைச் சொல்லவே தேவையில்லை. மார்ச்சில் பயன்படுத்திய அதே சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். முகவரி மாறினால் பதிவில் நீங்கள் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். நம்பர் மாறியிருந்தால் பழையது, புதியது இரண்டையும் போடுங்கள்.

கதை வேறாக இருந்தால்

தேறாமல் போனவர், மெயிலின் முதல் பத்தியில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதன்பிறகு என்ன மாறியிருக்கிறது என்பதை இன்னொரு வரியில் சொல்ல வேண்டும். 'அன்று ஏ.பி.ஐ. டெஸ்டிங்கில் அனுபவம் போதவில்லை என்றார்கள். ஏப்ரலிலிருந்து அந்த வேலையையே செய்து வருகிறேன்' என்பது போல. மாறியது எதுவும் இல்லை என்றால் ஊர் மாற்றத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

ஆஃபரை வாங்கிக்கொண்டு, சேராமல் விட்டவர் நிலை கடினம். கடைசி நாளில் போனை எடுக்காமல் இருந்தவர்களைச் சில கம்பெனிகள் தனியாகக் குறித்தே வைக்கின்றன. அவர்கள் ஊர் மாற்றத்தைச் சொல்வதற்கு முன், 'சென்ற முறை ஆஃபரை ஏற்ற பிறகு என்னால் சேர முடியவில்லை, அதனால் உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்' என்று எழுதிவிட்டு, மறுபடி விண்ணப்பிக்க முடியுமா என்று மட்டும் கேட்க வேண்டும். முடியும் என்று பதில் வந்த பிறகு மற்றவை.

பதிலைப் படிப்பது

'உங்கள் விவரத்தைக் குறித்துக்கொண்டோம்' என்று வந்தால் ஊரை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். 'இப்போதைய சம்பளம், நோட்டீஸ் காலம், சேரக்கூடிய தேதி அனுப்புங்கள்' என்று வந்தால் ஏதோ ஒரு இடம் திறந்திருக்கிறது. அன்றே பதில் போடுங்கள். 'எங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பாருங்கள்' என்றால் பலர் மனம் உடைந்துவிடுகிறார்கள். அது கதவடைப்பு ஆகாது. அங்கே போய்ப் பொருந்தும் இடத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, அந்த எண்ணை அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள். எச்.ஆர். தேடி எடுக்க அது போதும்.

பதிலே வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் மௌனம் என்றால் கோவையில் பொருந்தும் இடம் ஒன்று உண்மையிலேயே திறக்கும்போது மட்டும், அந்த எண்ணைப் போட்டு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் எச்.ஆர். உங்களோடு ஏற்கெனவே பேசியிருந்தால், மெயில் அனுப்பிய விவரத்தை அங்கே ஒரு வரியில் சொல்லலாம். வாய்ஸ் நோட் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

போன் வந்தால்

கோவைப் பக்கத்து எச்.ஆர். அழைக்கும்போது ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"மேடம், நீங்க சென்னையில இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணியிருக்கீங்கல்ல? இப்ப கோயமுத்தூர்லதான் இருக்கீங்களா?"

"ஆமாங்க சார், ஜூன்லயே வந்துட்டோம். சரவணம்பட்டி பக்கம்தான் வீடு."

"திரும்ப சென்னை போற ஐடியா எதும் இருக்குங்களா?"

"இல்லைங்க சார். ஃபேமிலியோட வந்தாச்சு, வீட்டுக்காரருக்கும் இங்கதான் வேலை."

இந்த இரண்டாவது கேள்வி நிச்சயம் வரும். தயங்காமல், நீட்டி முழக்காமல், உண்மையான காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். மெயிலில் எழுத வேண்டாம் என்று சொன்ன காரணத்தை இங்கே சொல்லலாம், ஏனென்றால் இது ஒருவரோடு பேசுவது. அடுத்து, பழைய ரவுண்டுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுமா என்று நீங்கள் கேளுங்கள். அதே பதவி, சில மாதங்களுக்கு முன் நடந்தது என்றால், முதல் ரவுண்டை விட்டுவிட்டு நேராக மேனேஜர் ரவுண்டுக்கு அனுப்புவது உண்டு. நீங்கள் கேட்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள். மார்ச்சில் என்னென்ன கேட்டார்கள் என்று குறித்து வைத்திருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். பேனல் குறிப்பு அவர்கள் கையில் இருக்கும், அன்று தடுமாறிய இடத்தையே மறுபடி தொடுவார்கள்.

இடையில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டால், இரண்டு எச்.ஆருக்கும் அதே மெயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: வேறிடத்தில் சேர்ந்துவிட்டேன், இப்போதைக்கு என்னைப் பரிசீலிக்க வேண்டாம், ஊர் கோவையாகவே இருக்கட்டும்.